மிதவை எவ்வளவு மூழ்கும் என்று பார்க்காமல் தொட்டி அலாரம் செய்த கதை

கோவை பீளமேட்டில் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் ஹாஸ்டலில் இருக்கிறேன். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. மூன்று மாடி, முப்பது பேர், மொட்டை மாடியில் 2000 லிட்டர் கருப்புத் தொட்டி ஒன்று. கீழே சம்ப், அதிலிருந்து ஏற்ற ஒரு ஹெச்.பி. மோட்டார். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் வாட்ச்மேன் ஐயாவின் வேலை. அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வாசலைப் பெருக்குவார், பால்காரரிடம் பால் வாங்குவார், கேட்டைத் திறந்து விடுவார். தொட்டி நிரம்பியது அவருக்குத் தெரிவது பின்சுவரில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும்போதுதான். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பை நிரப்புகிற கட்டடம் இது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரி, ஒரு அலாரம் செய்து கொடுத்துவிடலாம் என்று மார்ச் மாதத்தில் இறங்கினேன். தொட்டிக்குள் 230 வோல்ட் எந்த வகையிலும் போகக் கூடாது, தொட்டியின் உடம்பில் ஓட்டை போடக் கூடாது, ஐயா எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியிருக்கக் கூடாது. இந்த மூன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். மோட்டாரைத் தானாக நிறுத்துகிற அளவுக்குப் போகவில்லை. அதற்கு ஸ்டார்ட்டரில் கைவைக்க வேண்டும், அது என் கட்டடம் இல்லை.

அமைப்பு இதுதான். தொட்டி மூடியின் நடுவில் ஒரு துளை. அதன் வழியாக ஒரு கம்பி மேலும் கீழும் போகும். கம்பியின் அடியில், தொட்டிக்குள், மிதவை. கம்பியின் தலையில், மூடிக்கு வெளியே, காந்தம். காந்தத்துக்குக் கீழே ஒரு பெரிய வாஷர் இருக்கும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது அந்த வாஷர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ள, மொத்தமும் அதிலிருந்து தொங்கும். காந்தத்தைச் சுற்றி 75 மி.மீ. பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை நிறுத்தி, மேலே எண்ட் கேப் போட்டு மூடினேன். அந்தக் கேப்பின் வெளிப்பக்கத்தில் ரீட் ஸ்விட்ச்சை ஒட்டினேன். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும், காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் ரீட் ஸ்விட்ச். தண்ணீர் ஏறினால் மிதவை கம்பியைத் தூக்கும், காந்தம் கேப்பை நெருங்கும், கீழே மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் பஸ்ஸர் கத்தும்.

கேப்பை இரண்டு காரணத்துக்காக வைத்தேன். ஒன்று மழை. இன்னொன்று, காந்தம் ரீட் ஸ்விட்ச்சைத் தாண்டி மேலே போய்விட்டால் தகடுகள் பிரிந்து பஸ்ஸர் நின்றுவிடும். கேப்பில் முட்டி நின்றால் அந்தப் பிரச்சினை கிடையாது. ரீட் ஸ்விட்ச்சை வாங்கிச் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் முகம் கண்ணாடிக் குழாயின் நட்டநடுவுக்கு நேராக வந்தால் பெரும்பாலும் ஒட்டாது. கொஞ்சம் ஒரு முனைப் பக்கமாக வர வேண்டும். கேப்பில் ஒட்டுவதற்கு முன்பு கையில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நல்ல இடத்தில் பேனாவால் குறி போட்டுக்கொண்டேன்.

மின்சாரப் பக்கம் சுலபம். 12 வோல்ட் அடாப்டர், 12 வோல்ட் பஸ்ஸர், ரீட் ஸ்விட்ச், மூன்றும் ஒரே சுற்றில். பேட்டரி வேண்டாமா என்று அறைத் தோழன் கேட்டான். கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும், அலாரத்துக்கு அப்போது வேலையே இல்லை. பஸ்ஸர் குடிப்பது இருபது மில்லி ஆம்பியர் அளவுதான், அதனால் 18 மீட்டர் சாதாரண இரட்டை ஒயரே போதும். ரீட் ஸ்விட்ச்சின் தகடுகளும் அந்த அளவைத் தாங்கும். மோட்டார் கான்டாக்டரை நேராக அதில் கோக்க முடியாது, தகடுகள் உருகி ஒட்டிவிடும்.

இனி மிதவை. மீதிக் கதை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

63 மி.மீ. பி.வி.சி. பைப்பில் 18 செ.மீ. துண்டு வெட்டி இரண்டு பக்கமும் எண்ட் கேப் ஒட்டினேன். பிளம்பிங் வேலை நடந்த இடத்தில் மிச்சம் கிடந்த பைப் அது. வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சாய்ந்து படுத்துக்கொண்டது. விரலால் நிமிர்த்திப் பிடித்தால் நாலு செ.மீ. சொச்சம் மூழ்கி நின்றது. நோட்டில் "மூழ்கும் ஆழம் 4 செ.மீ." என்று எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் நடுவில் துளை போட்டு, அரை மீட்டர் ஸ்டட் ராடை அதன் வழியாக விட்டு, மேலும் கீழும் நட்டு வாஷர் முடுக்கி, எம்-சீல் வைத்து அடைத்தேன். தலையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தத்தை மாட்டினேன்.

உயரக் கணக்கை மூடியிலிருந்து போட்டேன். மூடியிலிருந்து ஓவர்ஃப்ளோ பைப்பின் கீழ் உதடு வரை 30 செ.மீ. தண்ணீர் அந்த உதட்டுக்கு 3 செ.மீ. கீழே இருக்கும்போதே பஸ்ஸர் கத்த வேண்டும் என்று ஆசை. தொட்டியின் உள்விட்டம் சுமார் 135 செ.மீ., அதனால் 3 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 43 லிட்டர். குழாயில் வரும் தண்ணீரை 20 லிட்டர் வாளியில் பிடித்துப் பார்த்தபோது 40 விநாடி ஆனது, அதாவது விநாடிக்கு அரை லிட்டர். ஆக, பஸ்ஸர் கத்தியதிலிருந்து ஐயாவுக்கு 86 விநாடி கிடைக்கும். கேட்டிலிருந்து சுவிட்ச் வரை நடக்க அது தாராளம்.

காந்தம் ஓய்வில் இருக்கும்போது கேப்பிலிருந்து 35 மி.மீ. கீழே இருந்தது. 15 மி.மீ. தூரத்துக்கு வந்ததும் ரீட் ஒட்டியது. ஆக, கம்பி 2 செ.மீ. உயர வேண்டும். மிதவை 4 செ.மீ. மூழ்கும், பிறகு 2 செ.மீ. உயரும், மொத்தம் 6. அதனால் மிதவையின் அடியை உதட்டுக்கு 9 செ.மீ. கீழே தொங்கவிட்டேன். ஒன்பதிலிருந்து ஆறு போனால் மூன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாம் மாட்டி முடித்தேன். தொட்டி முக்கால்வாசி இருந்தது. கம்பியின் தலையைப் பிடித்துக் கையால் மேலே தூக்கினேன், கீழே பஸ்ஸர் கத்துவது மூன்று மாடி மேலேயே கேட்டது. நாலைந்து தடவை தூக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் கத்தியது. கீழே வந்து ஐயாவிடம் சொன்னேன்: "இனிமே நீங்க சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டாங்க ஐயா. இது கத்தினா நிறுத்துங்க, போதும்." அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பின்வீட்டு அம்மா வந்து கேட்டைத் தட்டினார். அவர்கள் வீட்டுச் சுவரோரம் தண்ணீர் தேங்கி, காயப்போட்டிருந்த விறகு நனைந்துவிட்டது. ஐயா சுவிட்சை அணைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். "தம்பி, அது கத்தவே இல்லைங்களே. நானும் கத்தும் கத்தும்னு உட்கார்ந்துட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் சத்தம் கேட்டு நிறுத்திவிடுகிறவர், அன்று என் பேச்சை நம்பி ஐம்பது நிமிடம் விட்டிருந்தார். விநாடிக்கு அரை லிட்டர் என்றால் 1500 லிட்டர்.

மேலே ஓடினேன். ஐயாவை மறுபடி மோட்டாரைப் போடச் சொன்னேன். உதடு வரை தண்ணீர் ஏற்கெனவே இருந்ததால் இரண்டே நிமிடத்தில் பைப்பில் வழிய ஆரம்பித்தது. பஸ்ஸர் கத்தவில்லை. காந்தத்தை விரலால் ஒரு நூல் தூக்கினேன், கத்தியது. விட்டேன், நின்றது. ஒயர், ரீட், பஸ்ஸர் எல்லாம் சரி. மூடியைக் கொஞ்சம் நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். மிதவை பாதிக்கும் மேல் தண்ணீருக்குள் இருந்தது. மிதந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி நாலு செ.மீ. மட்டும் நனைந்து நிற்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தண்ணீர் ஓவர்ஃப்ளோ பைப்பின் கீழ் உதட்டோடு நிற்பதில்லை. இரண்டு இன்ச் பைப், அதன் வாயில் முக்கால்வாசி நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. இன்ச் டேப்பை விட்டுப் பார்த்தால் உதட்டுக்கு மேல் மூன்றரை செ.மீ. வருகிற அளவு வெளியே போக அவ்வளவு உயரம் வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறவில்லை. அதாவது இந்தத் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. அலாரம் கத்த வேண்டிய மட்டம் அந்தக் கூரைக்கு மேலே போய்விட்டால் நாள் முழுக்க மோட்டார் ஓடினாலும் அது கத்தாது. அலாரம் கொஞ்சம் தாமதமாகக் கத்துகிற விஷயம் இல்லை இது. எப்போதுமே கத்தாது.

மொத்த அமைப்பையும் கழற்றி மெஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். சமையல் அண்ணாவிடம் மசாலா நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. மிதவை, கம்பி, நட்டு, காந்தம் எல்லாம் சேர்த்து 345 கிராம். காந்தம் மட்டும் 90. ஸ்டட் ராடு 90. நட்டும் வாஷரும் 30. வாளியில் நான் போட்டுப் பார்த்த வெறும் பைப் 135 கிராம்தான்.

நிமிர்ந்து நிற்கும் மிதவைக்குக் கணக்கு மிக எளிது. தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும் வரை அது மூழ்கும். ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம். அதனால் எடையை கிராமிலும் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர செ.மீ.யிலும் எடுத்து வகுத்தால் மூழ்கும் ஆழம் நேராக செ.மீ.யில் வந்துவிடும். 63 மி.மீ. பைப்பின் பரப்பு 31.2 சதுர செ.மீ. வெறும் பைப்புக்கு 135-ஐ வகுத்தால் 4.3, வாளியில் பார்த்தது சரிதான். 345-ஐ வகுத்தால் 11.06.

இப்போது பழைய கணக்கில் நாலுக்குப் பதில் பதினொன்றைப் போட்டுப் பார்த்தேன். அடி இருந்தது உதட்டுக்கு 9 செ.மீ. கீழே. 11 மூழ்கி, 2 உயர்ந்தால் 13. உதட்டுக்கு 4 செ.மீ. மேலே தண்ணீர் வந்தால்தான் கத்தும். தண்ணீர் வருவதோ மூன்றரை வரை. அரை செ.மீ.யில் தவறியிருக்கிறது. நான் விரலால் தூக்கிய அந்த ஒரு நூல்தான் அது.

ஞாயிறு மாலை நாலைந்து தடவை செய்த சோதனையும் ஏன் ஏமாற்றியது என்று அப்போது விளங்கியது. கம்பியைக் கையால் தூக்கும்போது மிதவை செய்ய வேண்டிய வேலையை என் கை செய்துவிட்டது. மிதவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும்தான் நான் சோதித்திருக்கிறேன்.

முதலில் தோன்றிய தீர்வு, கம்பியை நீட்டி மிதவையை இன்னும் ஏழு செ.மீ. கீழே இறக்குவது. கணக்குப்படி அது போதும். ஆனால் மிதவையைத் தண்ணீரில் நிறுத்திக் கம்பியின் தலையில் விரலை வைத்து லேசாக அழுத்திப் பார்த்தபோது மனம் மாறியது. சும்மா தொட்டதற்கே ஒன்றரை செ.மீ. இறங்கியது. ஒல்லியான மிதவை அப்படித்தான், 31 கிராம் கூடினால் ஒரு செ.மீ. மூழ்கும். கம்பி மூடித் துளையில் உரசுவதே ஐம்பது கிராமுக்குச் சமமாக இருக்கலாம். மேலே 90 கிராம் காந்தம் உட்கார்ந்திருப்பதால் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து உரசவும் செய்தது. துரு ஏறினால் உரசல் இன்னும் கூடும். இன்று சரியாக இருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி கூரைக்கு மேலே போய்விடும். ஐயாவை இரண்டாம் தடவை அப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மிதவையையே மாற்றினேன். மெஸ்ஸில் ஊறுகாய் தீர்ந்த வட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 15 செ.மீ. விட்டம், 7 செ.மீ. உயரம். குறுக்குப் பரப்பு 177 சதுர செ.மீ. ஸ்டட் ராடுக்குப் பதில் எட்டு மி.மீ. அலுமினியக் குழாய், காந்தத்துக்குப் பதில் காந்திபுரம் உதிரிபாகக் கடையில் வாங்கிய 20 மி.மீ. நியோடிமியம் வில்லை. டப்பா 90 கிராம், குழாய் 20, போல்ட் வாஷர் பசை 25, காந்தம் 10. மொத்தம் 145. மூழ்கும் ஆழம் 0.8 செ.மீ. ஐம்பது கிராம் உரசல் வந்தாலும் கூடுவது 0.3 செ.மீ.க்குள்தான்.

டப்பாவின் மூடியில் மட்டும் துளை போட்டு போல்ட்டை இறக்கினேன், அடியைத் தொடவில்லை. கசிவுக்குச் சோதனை: தராசில் நிறுத்து எழுதிக்கொண்டு, வாளிக்குள் செங்கல்லை மேலே வைத்து இரவு முழுக்க அமுக்கி, காலையில் துடைத்து மறுபடி நிறுத்தேன். 12 கிராம் கூடியிருந்தது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம். போல்ட் வாஷருக்கு அடியில் பசை விட்டுப்போயிருந்தது. பிரித்து, காயவைத்து, ரப்பர் வாஷர் வைத்து, மறுபடி அடைத்து மறுபடி ஒரு இரவு. இந்தத் தடவை ஒரு கிராம்கூட கூடவில்லை.

காந்தம் மாறியதால் தூரத்தையும் புதிதாக அளந்தேன். புதிய வில்லை சின்னதாக இருந்தாலும் 22 மி.மீ. தூரத்திலேயே ரீட் ஒட்டியது. ஓய்வில் இடைவெளி அதே 35. ஆக உயர வேண்டியது 1.3 செ.மீ. மூழ்குவது 0.8. இரண்டும் சேர்ந்து 2.1. உதட்டுக்கு 3 செ.மீ. கீழே கத்த, டப்பாவின் அடி 5.1 செ.மீ. கீழே தொங்க வேண்டும். 5 என்று வைத்தேன்.

அகல மிதவையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தம் கேப்பில் முட்டிய பிறகும் தண்ணீர் ஏறினால் டப்பா அமிழத் தொடங்கும். அப்போது மேல்நோக்கி முக்கால் கிலோ வரை தள்ளும். முன்பு கேப் பைப்பை மூடியில் பசையால் மட்டும் ஒட்டியிருந்தேன். இப்போது எல் வடிவத் தகடுகள் மூன்றை வைத்துத் திருகாணி போட்டேன்.

சோதனையை இந்தத் தடவை கையால் செய்யவில்லை. புதன்கிழமை காலை ஐந்தரைக்கு நானும் அறைத் தோழனும் மேலே போய் உட்கார்ந்தோம். கீழே ஐயா மோட்டாரைப் போட்டார். தொட்டி ஓரத்திலிருந்த சின்னத் திறப்பு வழியாக இன்ச் டேப்பை விட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விழும் அலையில் டப்பா லேசாக ஆடியது. உதட்டுக்கு 3.2 செ.மீ. இருக்கும்போது பஸ்ஸர் விட்டு விட்டுக் கத்தியது, 2.7-ல் நிற்காமல் கத்தியது. ஐயா நிறுத்தவில்லை, நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்து விநாடி கழித்துப் பைப்பில் முதல் சொட்டு போனது. கத்தல் நிற்கவில்லை. அப்புறம்தான் கைகாட்டி நிறுத்தச் சொன்னேன்.

பின்வீட்டு அம்மாவிடம் போய் விறகுக்கு மன்னிப்புக் கேட்டேன். ஐயாவிடம் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னேன்: மோட்டார் போட்டு நாற்பது நிமிடமாகியும் இது கத்தவில்லை என்றால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். அவர் செல்போனில் நாற்பது நிமிட டைமர் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து டப்பாவைக் குழாய், காந்தத்தோடு கழற்றி அதே தராசில் வைத்தேன். வெளியில் வழவழவென்று மெல்லிய பாசி படிந்திருந்தது. 151 கிராம். ஆறு கிராமை 177-ஆல் வகுத்தால் 0.03 செ.மீ. துடைத்து மறுபடி மாட்டிவிட்டு வந்தேன்.